தலைவர் உறுப்பினர்களுடன் அழைக்கிறார்: ‘இஸ்’ போடுவதா, ‘ஆர்’ போடுவதா?

கேள்வி

வணக்கம் ஐயா. மொரீசியஸில் ரோஸ்ஹில் பக்கம் ஒரு கோவில் சங்கத்துக்கு நான் செயலாளர். தைப்பூசக் காவடிக்கு ஆங்கிலத்தில் ஓர் அழைப்பு எழுதினேன்: ‘தி பிரசிடென்ட், அலாங் வித் தி மெம்பர்ஸ், ஆர் ப்ளீஸ்ட் டு இன்வைட் யூ டு தேர் காவடி ஃபெஸ்டிவல்.’ கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள் அதைப் பார்த்துவிட்டு, “அலாங் வித் வந்தால் எப்போதும் இஸ்தான் சித்தி” என்று அடித்துத் திருத்தினாள். எங்கள் பொருளாளர் ஒப்பவில்லை. ஒன்பது பேர் சேர்ந்து அழைக்கும்போது எப்படி ஒருமை வரும், அதுவும் தலைவரை ‘இஸ்’ என்று ஒருமையில் சொல்வது மரியாதையா என்கிறார். பிரெஞ்சுப் பிரதியில் அவர் ‘ஸோன்’ என்று பன்மைதான் போட்டிருக்கிறார். வங்கிக்குப் போகவேண்டிய தீர்மானத்திலும் ‘தி பிரசிடென்ட், டுகெதர் வித் தி டிரஷரர்’ என்று ஒரு வரி இருக்கிறது. காசோலையில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதுதான் எங்கள் முடிவு. இரண்டையும் எப்படி எழுதுவது?

— செயலாளர், ரோஸ்ஹில்

பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் அக்கா மகள் போட்ட ‘இஸ்’ சரி. அவள் சொன்ன காரணம்தான் பாதி சரி. ‘எப்போதும் இஸ்’ என்று மனத்தில் பதித்துக்கொண்டால் அடுத்த கடிதத்திலேயே தப்பு வரும். பொருளாளர் ஐயா மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒன்றாகக் கலந்து பேசுகிறார். அவற்றைப் பிரித்துப் பார்த்தால் அவருக்கும் வருத்தம் இருக்காது.

‘உம்’ வேறு, ‘உடன்’ வேறு

இந்த விதியை நீங்கள் ஆங்கிலத்தில் புதிதாகக் கற்க வேண்டியதில்லை, தமிழில் தினமும் தவறாமல் பேசுகிறீர்கள். ‘அவளும் தங்கைகளும் வந்தார்கள்’ என்கிறோம். அதையே மாற்றி, ‘அவள் தங்கைகளுடன் வந்தாள்’ என்கிறோம். வந்தவர்கள் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான். ஆனாலும் இரண்டாவதில் ‘வந்தார்கள்’ என்று யாருக்கும் வாய் வராது. ‘உம்’ இரண்டு பெயரையும் எழுவாயாக்குகிறது. ‘உடன்’ அப்படிச் செய்யாது. அது ஒட்டிய பெயர் எழுவாய்க்குத் துணையாக நிற்கும், பயனிலையோடு அதற்கு ஒட்டுறவு கிடையாது. நன்னூல் இதை மூன்றாம் வேற்றுமையின் உடனிகழ்ச்சிப் பொருள் என்று வகைப்படுத்தியிருக்கிறது.

ஆங்கிலத்தில் ‘அண்ட்’ நம் ‘உம்’ செய்கிற வேலையைச் செய்கிறது. ‘அலாங் வித்’, ‘டுகெதர் வித்’, ‘ஆஸ் வெல் ஆஸ்’, ‘இன் அடிஷன் டு’ எல்லாம் ‘உடன்’ பக்கம். பொருளில் ‘அண்ட்’ போலவே ஒலிப்பதால் ஏமாந்துபோகிறோம். வினை, முதலில் நிற்கும் உண்மையான எழுவாயை மட்டும்தான் பார்க்கும். உங்கள் வாக்கியத்தில் அது ‘தி பிரசிடென்ட்’, ஒருவர். எனவே ‘இஸ்’.

சந்தேகம் வந்தால் செய்து பார்க்க ஒரு வழி: அந்தத் துண்டைத் தூக்கி வாக்கியத்தின் முன்னால் வையுங்கள். ‘அலாங் வித் தி மெம்பர்ஸ், தி பிரசிடென்ட் இஸ் கமிங்’ என்பது நல்ல ஆங்கிலம். ‘அண்ட் தி மெம்பர்ஸ், தி பிரசிடென்ட்...’ என்று யாரும் தொடங்க மாட்டார்கள். இடம் மாறக்கூடிய துண்டு எழுவாயின் பகுதி அல்ல, அதை எண்ணிக்கையில் சேர்க்கக்கூடாது.

இப்போது அக்கா மகளின் ‘எப்போதும்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். எழுவாயைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: ‘தி மெம்பர்ஸ், அலாங் வித் தி பிரசிடென்ட், ஆர் கமிங்.’ இங்கே ‘ஆர்’தான் வரும். ஏனென்றால் தலைச்சொல் ‘மெம்பர்ஸ்’. ‘தி பிரசிடென்ட் அண்ட் தி செக்ரட்டரி, அலாங் வித் தி ப்ரீஸ்ட்’ என்றாலும் ‘ஆர்’. ‘அலாங் வித்’துக்கு முன்னாலேயே ‘அண்ட்’ இருவரைச் சேர்த்துவிட்டது. ‘ஐ, அலாங் வித் மை பிரதர்ஸ்’ என்றால் ‘இஸ்’ஸும் இல்லை, ‘ஆர்’ரும் இல்லை, ‘ஆம்’. ஆக ‘அலாங் வித்’ ஒருமையையும் கொண்டுவருவதில்லை, பன்மையையும் கொண்டுவருவதில்லை. முன்னால் இருப்பதை அப்படியே விட்டுவைக்கிறது.

மாணவர்கள் இதோடு இன்னொரு விதியைப் போட்டுக் குழப்பிக்கொள்வதும் உண்டு. ‘ஐதர்... ஓர்’, ‘நைதர்... நார்’ வரும் இடத்தில் வினை, தனக்குப் பக்கத்தில் நிற்கும் பெயரைப் பார்க்கும். ‘நைதர் தி பிரசிடென்ட் நார் தி மெம்பர்ஸ் ஆர் கமிங்’ என்பது சரி. அந்தப் பழக்கத்தில் ‘அலாங் வித் தி மெம்பர்ஸ்’ என்பதற்குப் பிறகும் பக்கத்துப் பெயரைப் பார்த்து ‘ஆர்’ போட்டுவிடுகிறார்கள். நீங்கள் எழுதிய வாக்கியத்திலும் கை அப்படித்தான் வழுக்கியிருக்க வேண்டும். ‘மெம்பர்ஸ்’ என்று தட்டியவுடன் ‘ஆர்’ தானாக வந்துவிடும்.

‘இஸ்’ மரியாதைக் குறைவா?

பொருளாளர் ஐயாவின் மனத்தில் இருப்பது தமிழ் மரியாதை. தமிழில் ‘தலைவர் அவர்கள் உறுப்பினர்களுடன் வருகை தருகிறார்கள்’ என்று அழைப்பிதழில் அச்சடிக்கிறோம். அங்கே ‘தருகிறார்கள்’ என்பது எண்ணிக்கையைக் காட்டவில்லை, மரியாதையைக் காட்டுகிறது. உறுப்பினர்களை எடுத்துவிட்டாலும் ‘தலைவர் அவர்கள் வருகை தருகிறார்கள்’ என்றுதான் இருக்கும். அந்தத் தமிழ் வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதினால், மரியாதைக்காக வந்த ‘ஆர்கள்’, ‘ஆர்’ ஆகி நிற்கும். ஒலியும்கூட ஒத்துப்போகிறது பாருங்கள்!

ஆங்கில வினையில் படர்க்கைக்கு மரியாதைப் பன்மை கிடையாது. நாட்டின் ஜனாதிபதியைப் பற்றி எழுதினாலும் ‘இஸ்’தான். மரியாதை காட்ட வேண்டுமானால் பெயருக்கு முன்னால் பட்டத்தைச் சேர்க்கலாம், பதவியை முழுதாக எழுதலாம். வினையைத் தொடக்கூடாது.

அவருடைய இன்னொரு வாதம், ஒன்பது பேர் அழைக்கிறார்கள் என்பது. அதில் நியாயம் இருக்கிறது. ஆங்கிலேயர்களே பேச்சில் ‘அலாங் வித்’துக்குப் பிறகு ‘ஆர்’ சொல்வதைக் கேட்கலாம். மனத்தில் பலர் இருப்பதால் நாக்கு பன்மைக்குப் போகிறது. பேச்சில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கையெழுத்தும் முத்திரையும் இட்டு வெளியே போகும் கடிதத்தில் மட்டும் அது தப்பாகவே தெரியும்.

கிரியோலும் பிரெஞ்சும் செய்யும் வேலை

மொரீசியஸில் இந்தத் தவறு வேரோடியிருப்பதற்கு உள்ளூர்க் காரணம் ஒன்று உண்டு. வீட்டிலும் தெருவிலும் பேசுகிற கிரியோலில் ‘எக்’ என்ற ஒரே சொல் ‘உம்’முக்கும் வரும், ‘உடன்’னுக்கும் வரும். ‘ம்வா எக் த்வா’ என்றால் ‘நானும் நீயும்’. ‘மோ பே கோஸ் எக் லி’ என்றால் ‘நான் அவனோடு பேசிக்கொண்டிருக்கிறேன்’. போதாக்குறைக்குக் கிரியோல் வினை ஆளுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறுவதே இல்லை: ‘லி பே வினி’, ‘ஸோட் பே வினி’. ஒருவர் வந்தாலும் பலர் வந்தாலும் அதே ‘பே வினி’தான். ஆகவே கிரியோலில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு ‘அண்ட்’டும் ‘அலாங் வித்’தும் ஒரே ‘எக்’காகவே படும். இந்த ஓர் இடத்தில் கிரியோலைவிடத் தமிழ்தான் நல்ல வழிகாட்டி. ஆங்கில வரியை மனத்துக்குள் தமிழாக்கி, வருவது ‘உம்’மா ‘உடன்’னா என்று கேட்டுப் பாருங்கள்.

பிரெஞ்சு இன்னும் கொஞ்சம் நுட்பமானது. அங்கே ‘அலாங் வித்’ இடத்தில் வரும் ‘ஏன்ஸி க’ என்பதற்கு இரண்டு குணம். முன்னும் பின்னும் காற்புள்ளி போட்டு, இடையில் சொருகிய குறிப்பாக வைத்தால் வினை ஒருமையில் ‘எ’ என்று நிற்கும். காற்புள்ளி இல்லாமல், ‘உம்’ என்ற பொருளில் இரண்டு பெயரைச் சேர்த்தால் பன்மையில் ‘ஸோன்’ வரும். பொருளாளர் ஐயா காற்புள்ளி போடாமல் எழுதியிருந்தால் அவருடைய பிரெஞ்சு பிழையில்லை. ‘உடன்’ பொருள் தரும் ‘அவெக்’குக்கும் இதே இரண்டு வழி உண்டு. ஆனால் அந்தச் சலுகையை ஆங்கிலத்துக்குக் கொண்டுவர முடியாது. ஆங்கிலத்தில் ‘அலாங் வித்’துக்குக் காற்புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வினை எழுவாயையே பார்க்கும்.

காற்புள்ளி பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் போட்டால் இரண்டும் போடுங்கள், இல்லையென்றால் இரண்டையும் விடுங்கள். ‘தி பிரசிடென்ட் அலாங் வித் தி மெம்பர்ஸ்’ என்பதற்குப் பிறகு மட்டும் ஒரே ஒரு காற்புள்ளி போடுவது இங்கே அச்சாகும் நோட்டீஸ்களில் மிகுதி. அது எழுவாயையும் வினையையும் வெட்டிப் பிரிப்பதோடு, எது சொருகல் என்பதையும் மறைத்துவிடும்.

உங்கள் அழைப்பு

‘ஆர்’ரை ‘இஸ்’ ஆக்கியதோடு வேலை முடியவில்லை. வாக்கியத்தின் பின்பாதியில் ‘தேர்’ என்று ஒரு சொல் இருக்கிறது: ‘டு தேர் காவடி ஃபெஸ்டிவல்.’ முன்னால் ‘இஸ்’ என்று ஒருவரைச் சொல்லிவிட்டுப் பின்னால் ‘அவர்களுடைய’ என்கிறோம். ‘ஹிஸ்’ என்று மாற்றினால் இலக்கணம் சரியாகும், ஆனால் காவடித் திருவிழா தலைவருடைய சொந்த விழாவாகிவிடும்! இப்படி இரண்டு பக்கமும் இடித்தால், வினையைத் திருத்திப் பயனில்லை, இணைப்புச் சொல்லே தப்பு என்று அர்த்தம்.

நீங்கள் சொல்ல வந்தது ஒன்பது பேரும் சேர்ந்து அழைக்கிறார்கள் என்பது. அதற்கு ‘அண்ட்’தான் வேண்டும்: ‘தி பிரசிடென்ட் அண்ட் மெம்பர்ஸ் ஆஃப் தி சொசைட்டி ஆர் ப்ளீஸ்ட் டு இன்வைட் யூ டு தேர் காவடி ஃபெஸ்டிவல்.’ ‘ஆர்’ இருக்கிறது, ‘தேர்’ இருக்கிறது, பொருளாளர் கேட்ட பன்மையும் இருக்கிறது. ‘அலாங் வித்’ கொஞ்சம் கம்பீரமாக இருக்கிறதென்று பலர் அதைத் தேடிப்போகிறார்கள். உண்மையில் அது உறுப்பினர்களைப் பின்வரிசையில் உட்காரவைக்கிறது. அழைப்பில் யாரும் அதை விரும்ப மாட்டார்கள்.

‘உடன்’ தேவைப்படும் இடமும் உண்டு. விழா அன்று பத்திரிகைக்குக் கொடுக்கும் குறிப்பில், தலைவர் பூக்காவடியைத் தொடங்கிவைக்கிறார், உறுப்பினர்கள் கூட நிற்கிறார்கள் என்றால் ‘தி பிரசிடென்ட், அலாங் வித் தி மெம்பர்ஸ், இஸ்...’ பொருத்தம். அதே சமயம் செயல் இருவருக்கும் இடையே நடப்பதாக இருந்தால் இது உதவாது. தலைவரும் அர்ச்சகரும் ஒருவரையொருவர் வணங்கினார்கள் என்பதை ‘அலாங் வித்’ வைத்து எழுதவே முடியாது, ஏனென்றால் ‘ஈச் அதர்’ என்பதற்குப் பன்மை எழுவாய் வேண்டும். ‘போத்’ என்று தொடங்கினாலும் அடுத்து ‘அண்ட்’ வந்தே ஆக வேண்டும். ‘போத் தி பிரசிடென்ட் அலாங் வித் தி ப்ரீஸ்ட்’ என்பது ஆங்கிலமே இல்லை.

‘தலைவர் உட்பட ஒன்பது பேர்’ என்று எழுத நேர்ந்தால் தலைச்சொல் ‘ஒன்பது பேர்’. ‘நைன் மெம்பர்ஸ், இன்க்ளூடிங் தி பிரசிடென்ட், ஆர்...’ என்று பன்மை. இதையும் தமிழே காட்டிக்கொடுக்கும். ‘தலைவர் உட்பட ஒன்பது பேர் வருகிறார்கள்’ என்றுதானே சொல்வோம்.

வங்கித் தீர்மானம்: இங்கே இலக்கணத்தைவிடப் பொருள் முக்கியம்

அழைப்பில் தப்பு வந்தால் நான்கு பேர் சிரிப்பார்கள். வங்கிக் கடிதத்தில் தப்பு வந்தால் காசோலை திரும்பும், அல்லது திரும்பாமல் போகும். இரண்டாவதுதான் ஆபத்து.

‘தி பிரசிடென்ட், டுகெதர் வித் தி டிரஷரர், இஸ் ஆதரைஸ்ட் டு சைன் செக்ஸ்’ என்று எழுதினால் ஒருமை, இலக்கணப்படி பழுதில்லை. ஆனால் அதை இரண்டு விதமாகப் படிக்கலாம். தலைவரும் பொருளாளரும் ஒரே காசோலையில் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பது ஒன்று. தலைவருக்கு அதிகாரம் உண்டு, அதுபோலப் பொருளாளருக்கும் தனியாக உண்டு என்பது மற்றொன்று. ‘டுகெதர் வித்’ என்பதற்குப் பதில் ‘ஆஸ் வெல் ஆஸ்’ போட்டால் இரண்டாவது பொருள் இன்னும் பலமாகும். ‘இஸ்’ஸை ‘ஆர்’ ஆக்கினாலும் இந்த மயக்கம் தீராது, கூடவே ஓர் இலக்கணப் பிழையும் சேரும்.

சிலர் ‘ஷேல் சைன்’ என்று எழுதித் தப்பிக்கப் பார்ப்பார்கள். ‘ஷேல்’, ‘வில்’, ‘மே’ போன்றவை ஒருமைக்கும் பன்மைக்கும் மாறாதவை, அதனால் ‘இஸ்’, ‘ஆர்’ சண்டை ஓய்ந்துவிடும். சாதாரணக் கடிதங்களில் இது நல்ல உத்தி. தீர்மானத்தில் இது சண்டையை மறைக்குமே தவிர, ஒரு கையெழுத்தா இரண்டா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாது.

‘அண்ட்’ மட்டும் போட்டாலும் போதாது என்பதைக் கவனியுங்கள். ‘தி பிரசிடென்ட் அண்ட் தி டிரஷரர் ஆர் ஆதரைஸ்ட் டு சைன் செக்ஸ்’ என்பதை, ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் போடலாம் என்றும் ஒருவர் வாசிக்க இடமிருக்கிறது. ‘ஜாயிண்ட்லி’ என்ற ஒரு சொல்தான் அதை மூடும். நீங்கள் எழுத வேண்டியது இது:

‘தி பிரசிடென்ட் அண்ட் தி டிரஷரர் ஆர் ஆதரைஸ்ட் டு சைன் செக்ஸ் ஜாயிண்ட்லி, போத் சிக்னேச்சர்ஸ் பீயிங் ரிக்வயர்ட் ஆன் எவ்ரி செக்.’

கடைசித் துண்டு வெறும் அலங்காரம் இல்லை. ‘ஜாயிண்ட்லி’யை யாராவது வேறு விதமாகப் படித்தாலும், ஒவ்வொரு காசோலையிலும் இரண்டு கையெழுத்து என்பது அதில் நேரடியாக இருக்கிறது. பின்னால் ஒரு நாள் யாராவது ஒருவரின் கையெழுத்து போதும் என்று சங்கம் மாற்றினால், அப்போது ‘ஐதர் தி பிரசிடென்ட் ஓர் தி டிரஷரர் இஸ் ஆதரைஸ்ட்’ என்று எழுதுங்கள். அங்கே ‘இஸ்’தான், ஏனென்றால் வினைக்குப் பக்கத்தில் நிற்கும் ‘டிரஷரர்’ ஒருவர்.

பிரெஞ்சுப் பிரதியில் அழைப்புக்கும் தீர்மானத்துக்கும் ‘ஏன்ஸி க’வை விட்டுவிட்டு, உம்மைப் பொருள் தரும் ‘ஏ’யைப் போடச் சொல்லுங்கள். வினை ‘ஸோன்’. ஆங்கிலத்தில் ‘அண்ட்... ஆர்’, பிரெஞ்சில் ‘ஏ... ஸோன்’ என்று இரண்டும் வரிக்கு வரி ஒத்துப்போகும், பொருளாளர் ஐயா தன் பன்மையை மாற்றவும் வேண்டியதில்லை.

இனி ஒன்றுதான் பாக்கி. கூட்டக் குறிப்பேட்டில் ஏற்கெனவே ‘டுகெதர் வித்’ என்று பதிவாகியிருந்தால், வங்கிக்குப் போகும் கடிதத்தில் மட்டும் வரியைத் திருத்தாதீர்கள். குறிப்பேட்டு நகலும் கடிதமும் வேறுபட்டால் கேள்வி உங்களிடம்தான் வரும். அடுத்த கூட்டத்தில் புதிய வரியை வாசித்து, பழைய தீர்மானத்துக்குப் பதிலாக இது என்று பதிவுசெய்து, அந்தத் தேதியைக் கடிதத்தில் குறிப்பிட்டு அனுப்புங்கள்.